இருபது தவணையும் ஒரு முதிர்வும்: எண்டோமென்ட் பாலிசி தரும் வட்டி எவ்வளவு?

திருவொற்றியூரில் உள்ள எங்கள் பள்ளியில் பெற்றோர் கூட்டம் முடிந்ததும், பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை ஒரு காகிதத்துடன் என்னிடம் வந்தார். துறைமுகத்தில் சரக்கு கையாளும் வேலை பார்ப்பவர். 2005-இல் தொடங்கிய அவருடைய எண்டோமென்ட் பாலிசி முதிர்ந்திருந்தது.

"டீச்சர், கட்டினது அஞ்சு லட்சம், வந்தது ஒன்பதரை லட்சம். கிட்டத்தட்ட டபுள். மூத்த பையன் எண்ணூர்ல வேலைக்குச் சேர்ந்துட்டான். அவன் பேர்லயும் இதையே போட்டுடலாமா?"

பதில் சொல்ல வேண்டுமானால், அந்தப் பணம் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வளர்ந்தது என்று முதலில் தெரிய வேண்டும். மறுநாள் பெயரையும் பாலிசி எண்ணையும் நீக்கிவிட்டு, எண்களை எளிதாக்கி, அதையே வகுப்பில் கணக்காகக் கொடுத்தேன். காப்பீட்டுத் தொகை 5,00,000 ரூபாய். காலம் 20 ஆண்டுகள். ஆண்டுப் பிரீமியம் 25,000 ரூபாய். முதிர்வுத் தொகை 9,50,000 ரூபாய்.

முதிர்வுத் தொகை எப்படி வந்தது என்பதை முதலில் பார்த்தோம். காப்பீட்டுத் தொகையில் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று நிறுவனம் ஆண்டுதோறும் போனஸ் அறிவிக்கும். இந்தக் கணக்கில் அது சராசரியாக ஆயிரத்துக்கு 44 ரூபாய். அதாவது 5 லட்சத்துக்கு ஆண்டுக்கு 22,000 ரூபாய். 20 ஆண்டுகளில் 4,40,000 ரூபாய். கடைசியில் இறுதிக் கூடுதல் போனஸ் 10,000 ரூபாய். காப்பீட்டுத் தொகையுடன் சேர்த்தால் 9,50,000. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் ஆண்டில் சேர்ந்த 22,000 ரூபாய்க்கு அடுத்த 19 ஆண்டுகளும் தனியாக வட்டி சேரவில்லை. போனஸ் தனிவட்டி போலக் கூடுகிறதே தவிர, கூட்டு வட்டி போல வளர்வதில்லை.

இப்போது வட்டி எவ்வளவு என்று கேட்டேன். இரண்டு விதமான விடைகள் வந்தன. லாபம் 4,50,000; அது 5 லட்சத்தில் 90 சதவீதம்; 20 ஆல் வகுத்தால் 4.5 சதவீதம் என்றார்கள் சிலர். கூட்டு வட்டிச் சூத்திரத்தில் அசல் 5 லட்சம், தொகை 9.5 லட்சம், காலம் 20 ஆண்டுகள் என்று போட்டு சுமார் 3.3 சதவீதம் என்றார்கள் வேறு சிலர். இரண்டிலும் ஒரே பிழைதான். 5 லட்சம் முழுவதும் முதல் நாளே கட்டப்பட்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

உண்மையில் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனி வயது உண்டு. முதல் பிரீமியம் 20 ஆண்டுகள் நிறுவனத்திடம் இருந்தது. இரண்டாவது 19 ஆண்டுகள். இருபதாவது தவணை ஓர் ஆண்டுதான் இருந்தது. சராசரியாக ஒரு ரூபாய் இருந்த காலம் பத்தரை ஆண்டுகள். எனவே நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ஆண்டுதோறும் 25,000 ரூபாயை ஒரு வங்கியில் போட்டு வந்தால், எந்த வட்டி வீதத்தில் 20 ஆண்டு முடிவில் சரியாக 9,50,000 ரூபாய் கிடைக்கும்? அந்த வீதத்துக்குத்தான் அக ஈட்டு விகிதம் என்று பெயர். ஐ.ஆர்.ஆர். என்று சொல்வதும் இதைத்தான்.

பத்தாம் வகுப்பில் படிக்கும் பெருக்குத் தொடர் இதற்குப் போதும். வட்டி வீதம் r என்றால்,

25000 × [(1+r)^20 + (1+r)^19 + … + (1+r)] = 950000

இதிலிருந்து r-ஐ நேரடியாகப் பிரித்தெடுக்க முடியாது. ஊகித்துப் போட்டுப் பார்த்துத்தான் நெருங்க வேண்டும். 6 சதவீதம் என்று வைத்தோம். முதல் தவணை மட்டும் 80,178 ரூபாயாக வளர்கிறது. கடைசித் தவணை 26,500 ஆகிறது. இருபதையும் கூட்டினால் 9,74,818. தேவையைவிட அதிகம். 5 சதவீதம் என்று வைத்தால் 8,67,981. இது குறைவு. ஆக, விடை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. 5 சதவீதத்திலிருந்து 6 சதவீதம் போனால் 1,06,837 ரூபாய் கூடுகிறது. நமக்கு வேண்டியது 82,019 ரூபாய். வகுத்தால் 0.77. ஆகவே விடை சுமார் 5.77 சதவீதம்.

உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் விரிதாளைத் திறந்து இதையே சரிபார்த்தோம்.

```
=RATE(20,-25000,0,950000,1)
```

5.78 சதவீதம் வந்தது. கட்டிய பணத்துக்குக் கழித்தல் குறி இட வேண்டும். கடைசியில் உள்ள 1, பிரீமியம் ஆண்டின் தொடக்கத்தில் கட்டப்படுகிறது என்பதைக் குறிக்கிறது. அதை விட்டுவிட்டால் தவணைகள் ஆண்டு முடிவில் கட்டப்பட்டதாகக் கணினி எடுத்துக்கொண்டு 6.3 சதவீதம் என்று காட்டும். ஒவ்வொரு தவணையின் வயதிலும் ஓராண்டு குறைந்துபோவதால் வரும் பொய்யான உயர்வு இது. விடையைச் சரிபார்க்க எளிய வழி, கிடைத்த வீதத்தை மேலே உள்ள தொடரில் போட்டு 9,50,000 வருகிறதா என்று பார்ப்பதுதான்.

சொந்த பாலிசிக்குக் கணக்கிடும் ஆசிரியர்கள், பிரீமியமாக ரசீதில் உள்ள மொத்தத் தொகையை எடுத்துக்கொள்ள வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. அதற்கு முந்தைய ரசீதுகளில் வரியும் சேர்ந்திருக்கும். அதுவும் நம் கையிலிருந்து போன பணம்தான். சம்பளத்தில் மாதந்தோறும் பிடித்தம் என்றால் 240 தவணைகளாகப் போட்டு மாத வீதத்தைக் கண்டுபிடித்து, பின்பு (1+m)^12 − 1 என்று ஆண்டு வீதமாக மாற்ற வேண்டும். இங்கே m என்பது மாத வீதம்.

இனி, 5.78 சதவீதம் குறைவா, போதுமானதா? இதே காலத்தில் பொது வருங்கால வைப்பு நிதியின் வட்டி 7.1 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை. ஆனால் இந்த ஒப்பீட்டை அப்படியே விட்டுவிடுவது நியாயமாகாது. அந்த 20 ஆண்டுகளில் அவருக்கு ஏதாவது நேர்ந்திருந்தால் குடும்பத்துக்குக் குறைந்தது 5 லட்சம் கிடைத்திருக்கும். வைப்பு நிதியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. அதற்கு ஒரு விலை போட வேண்டும். முதிர்வுத் தொகை இல்லாத டேர்ம் பாலிசியில் அதே 5 லட்சத்துக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் ஆகும் என்று ஓர் ஊகத்துக்கு வைத்துக்கொள்வோம். அப்போது சேமிப்புக்குப் போனது 23,000 ரூபாய் மட்டுமே. மறுபடி கணக்கிட்டால் 6.5 சதவீதம் வருகிறது. வைப்பு நிதியைவிட இன்னும் குறைவுதான். ஆனால் முதலில் தெரிந்த அளவுக்கு இடைவெளி பெரிதல்ல.

புதிய பாலிசிக்கு இன்னொரு எச்சரிக்கையும் தேவை. முகவர் காட்டும் பலன் விளக்கப் பட்டியலில் 4 சதவீதம், 8 சதவீதம் என்று இரண்டு பகுதிகள் இருக்கும். 8 என்பதைப் பார்த்து நமக்கு 8 சதவீதம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அவை நிறுவனத்தின் முதலீடு ஈட்டக்கூடும் என்று வைத்துக்கொண்ட வீதங்கள். அதிலிருந்து முகவர் கழிவு, நிர்வாகச் செலவு, காப்பீட்டுச் செலவு எல்லாம் போன பிறகுதான் நம் முதிர்வுத் தொகை. எனவே அந்தப் பட்டியலில் உள்ள முதிர்வுத் தொகையை எடுத்து, மேலே செய்தது போல நாமே வீதம் காண வேண்டும். இந்தக் கணக்கு 20 தவணையும் கட்டி முடித்தவருக்கே பொருந்தும். சில ஆண்டுகளில் நிறுத்தி சரண்டர் செய்தால் கட்டியதைவிடக் குறைவாகவே கிடைக்கக்கூடும். அப்போது விகிதம் கழித்தல் குறியில் வரும்.

அடுத்த வாரம் அந்தத் தந்தை வந்தபோது அவருடைய மகளே கணக்கைப் போட்டுக் காட்டினாள். நான் ஒரு கேள்வியை மட்டும் சேர்த்தேன். "பையனுக்கு ஏதாவது ஆனா, அவன் சம்பளத்தை நம்பி இருக்கிறவங்களுக்கு அஞ்சு லட்சம் எத்தனை மாசத்துக்கு வரும்?"

அவர் சிறிது நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப பாதுகாப்பு தனி, சேமிப்பு தனின்னு விசாரிக்கிறேன் டீச்சர்" என்றார். பிறகு மகளிடம் திரும்பி, அண்ணனுக்கு முகவர் கொடுத்த பட்டியலை வீட்டில் எடுத்து வைத்திருப்பதாகவும், இரவு அதற்கும் இதே கணக்கைப் போட்டுத் தர வேண்டும் என்றும் சொன்னார்.