நஷ்டக் கணக்குக்கு விலை போட்டது யார்?

2006-ம் ஆண்டு முடிந்தபோது அமெரிக்கப் பங்குச் சந்தையில் போட்ட பணம் 10 சதவீதத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு சந்தைக் குறியீட்டை வாங்கிப் போட்டவர்கூட லாபத்தில் இருந்தார். அதே ஆண்டில், கலிஃபோர்னியாவிலிருந்து இயங்கிய சயான் கேப்பிடல் என்ற சிறிய ஃபண்டில் பணம் போட்டிருந்தவர்களுக்கு 18.4 சதவீதம் நஷ்டம். ஊரே சம்பாதிக்கும்போது இவர் மட்டும் எப்படித் தொலைத்தார்? முதலீட்டாளர்களின் இந்தக் கேள்விக்கு அந்த ஃபண்டின் மேலாளர் மைக்கேல் பர்ரி காலாண்டுக் கடிதங்களில் பதில் எழுத வேண்டியிருந்தது.

பிறர் பணத்தை வாங்கி முதலீடு செய்பவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதலீட்டாளர்களுக்குக் கடிதம் எழுதுவது இந்தத் தொழிலில் வழக்கம். போன காலாண்டில் எத்தனை சதவீதம் ஏறியது, எத்தனை இறங்கியது, ஏன் என்பதெல்லாம் அதில் இருக்கும். லாபக் கடிதம் எழுதுவது சுலபம். நஷ்டக் கடிதங்களிலோ குற்றவாளி பெரும்பாலும் வெளியில்தான் இருப்பார்: கச்சா எண்ணெய், தேர்தல், அந்நிய முதலீட்டாளர், போர். மேலாளரின் கை அதில் பட்டதாகவே தெரியாது.

பர்ரி அப்படித் தப்பிக்க முடியாத இடத்தில் நின்றார். சந்தை ஏறிக்கொண்டிருந்ததால் பழியைப் போட ஆளில்லை. அவர் மருத்துவம் படித்தவர். நரம்பியல் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு 2000-ம் ஆண்டு இறுதியில் ஃபண்டைத் தொடங்கினார். 2001-ல் சந்தை கிட்டத்தட்ட 12 சதவீதம் விழ, அவர் 55 சதவீதம் சம்பாதித்தார். 2002-ல் சந்தை 22 சதவீதம் விழ, அவருக்கு 16 சதவீத லாபம். மற்ற ஃபண்டுகள் ஆண்டுக்கு 2 சதவீதம் நிர்வாகக் கட்டணம் பிடித்தபோது, அவர் உண்மையில் ஆன செலவை மட்டும் கணக்கில் எழுதினார். இப்படி ஒரு மனிதர்மீது முதலீட்டாளர்களுக்கு நம்பிக்கை இல்லாமல் போக வழியில்லை. ஆனாலும் போனது.

காரணம் 2005-ல் அவர் எடுத்த ஒரு முடிவு. அன்று அமெரிக்காவில் திருப்பிக் கட்ட வழியில்லாதவர்களுக்கும் வீட்டுக்கடன் அள்ளிக் கொடுத்தார்கள். அந்தக் கடன்களில் பெரும்பகுதிக்கு ஒரே அமைப்பு. முதல் இரண்டு ஆண்டுகள் வட்டி குறைவு. அதன் பிறகு வட்டி சட்டென்று எகிறும். இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான கடன்களை ஒன்றாகக் கட்டி, கடன் பத்திரங்களாக அடுக்கு அடுக்காகப் பிரித்து விற்றார்கள். கடன்காரர்கள் கட்டத் தவறினால் முதலில் அடிவாங்குவது கீழ் அடுக்குப் பத்திரங்கள். பர்ரி அந்தப் பத்திரங்களுக்குக் காப்பீடு வாங்கினார். பத்திரம் அவரிடம் இல்லை, அது தேவையுமில்லை. ஆண்டுதோறும் பிரீமியம் கட்டினால் போதும். பத்திரம் கெட்டால் விற்ற வங்கி முழுத்தொகையையும் கொடுக்க வேண்டும். 2005 மே 19 அன்று டாய்ச்சு வங்கியிடம் ஆறு பத்திரங்கள்மேல் 6 கோடி டாலருக்குக் காப்பீடு வாங்கியதுதான் தொடக்கம். பிறகு அது நூறு கோடி டாலரைத் தாண்டி வளர்ந்தது.

இதில் நஷ்டம் எப்படி வருகிறது என்பதைச் சின்னக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் என்னுடையவை, விகிதம் மட்டும் ஏறத்தாழ அவருடையது.

ஃபண்டில் 100 கோடி இருக்கிறது. அதை வைத்து 300 கோடி மதிப்புள்ள பத்திரங்களுக்குக் காப்பீடு எடுக்கிறோம். பிரீமியம் ஆண்டுக்கு 2 சதவீதம். அதாவது ஆண்டுக்கு 6 கோடி, காலாண்டுக்கு ஒன்றரைக் கோடி. எந்தப் பத்திரமும் கெடாமல், எதுவுமே நடக்காமல், மூன்று மாதத்தில் ஃபண்ட் ஒன்றரை சதவீதம் கரைந்துவிடும். இது கையைவிட்டுப் போன பணம். யாரும் மறுக்க முடியாத நஷ்டம்.

இரண்டாவது நஷ்டம் வேறு ரகம். அதே காப்பீட்டை இன்று புதிதாக வாங்கினால் ஒன்றரை சதவீதத்துக்கே கிடைக்கிறது என்று வங்கி சொல்கிறது. நாம் 2 சதவீதத்துக்கு வாங்கியது இன்னும் மூன்றாண்டு ஓடும் என்றால், ஆண்டுக்கு அரை சதவீதம் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். 300 கோடிக்கு மூன்றாண்டில் அது நாலரைக் கோடி. நாம் எதையும் விற்கவில்லை, பணம் எதுவும் போகவில்லை. இருந்தாலும் கணக்கில் நாலரைக் கோடி நஷ்டம் எழுத வேண்டும். இரண்டையும் சேர்த்து, கடிதத்தின் முதல் வரியில் வருவது: இந்தக் காலாண்டில் 6 சதவீதம் நஷ்டம்.

அந்த ஒற்றை எண்ணில் கால்பங்கு நிஜமாகவே செலவான பணம். முக்கால்பங்கு யாரோ ஒருவர் சொன்ன விலை.

அந்த யாரோ ஒருவர் யார் என்பதில்தான் பர்ரியின் சிக்கல் முழுவதும் இருந்தது. இந்தக் காப்பீடுகள் பங்குகளைப்போல சந்தையில் நாள்தோறும் கைமாறுபவை அல்ல. விலை கேட்க வேண்டுமானால் அவற்றை விற்ற வங்கிகளிடமே கேட்க வேண்டும். காப்பீட்டின் விலை ஏறினால் நஷ்டப்படப்போவதும் அதே வங்கிகள்தான். 2006-ல் வீட்டு விலைகள் உச்சத்தைத் தொட்டுத் தள்ளாடத் தொடங்கிய பிறகும் வங்கிகள் சொன்ன விலை பர்ரிக்குச் சாதகமாக நகரவில்லை. அந்த விலைகளை அவர் நம்பவில்லை. நம்பாத விலையை வைத்துத்தான் தன் முதலீட்டாளர்களுக்கு நஷ்டக் கணக்கு காட்ட வேண்டியிருந்தது.

2006 நவம்பரில் அவர் எழுதியனுப்பியது வழக்கமான ஆறுதல் கடிதம் அல்ல. சப்பிரைம் வீட்டுக்கடன்கள்மீது ஃபண்ட் எடுத்திருக்கும் எதிர்நிலையைப் பற்றிய பாடம் என்றே சொல்லலாம். கடன்கள் எப்படி மூட்டையாகின்றன, அடுக்குகள் எப்படிப் பிரிகின்றன, கீழ் அடுக்கு எவ்வளவு மெல்லியது என்பதை விளக்கினார். நிதித்துறையில் இருப்பவர்களே படிக்கச் சிரமப்படும் விஷயம் அது. என் பார்வையில் இந்தக் கடிதத்தின் நேர்மை அங்கேதான் இருக்கிறது. ‘பொறுத்திருங்கள், நல்லதே நடக்கும்’ என்று மட்டும் சொன்னால் வாசகரால் அதைச் சரிபார்க்க முடியாது. இங்கே முடிந்தது. 2005-ல் கொடுத்த கடன்களுக்கு 2007-ல் வட்டி ஏறும். அப்போது தவணை தவறுவோர் எண்ணிக்கை கூடவில்லை என்றால் மேலாளர் சொன்னது தவறு. ஒவ்வொரு கடன் மூட்டையிலும் எத்தனை பேர் தவணை தவறினார்கள் என்ற மாதாந்திர அறிக்கையும் வந்துகொண்டிருந்தது. தன்னை எந்த மாதத்தில், எந்த அளவுகோலில் தோற்றவனாக அறிவிக்கலாம் என்பதை எதிராளியின் கையில் கொடுத்துவிட்ட கடிதம் அது.

ஆனால் அதே காலத்தில் அவர் செய்த இன்னொரு காரியம்தான் கோபத்தைக் கிளப்பியது. பணத்தைத் திரும்பக் கேட்டவர்களிடம், இந்தக் காப்பீடுகளில் முடங்கியிருக்கும் பகுதியை மட்டும் இப்போது தரமுடியாது என்றார். ஃபண்ட் உலகில் இதற்கு ‘சைடு பாக்கெட்’ என்று பெயர். சந்தையில் சரியான விலை இல்லாத முதலீடுகளைத் தனியே ஒதுக்கி, விலை வரும்வரை பூட்டிவைப்பது. அவருடைய ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருந்தது. எனினும் முதலீட்டாளர்கள் கேட்டது நியாயமான கேள்வி: வங்கிகள் விலை சொல்கின்றன, அந்த விலையை வைத்துத்தான் எங்களுக்கு நஷ்டம் காட்டுகிறீர்கள், அப்புறம் விலை இல்லை என்று பூட்டினால் எப்படி? தொடக்கத்திலேயே அவருக்குக் கைகொடுத்த கோதம் கேப்பிடல் ஆட்களே நேரில் வந்து மல்லுக்கட்டினார்கள். வழக்குப் போடுவோம் என்ற மிரட்டலும் வந்தது. கடிதம் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் கதவைப் பூட்டிவிட்டு நீட்டினால் அது வேறுமாதிரிதான் படிக்கப்படும்.

இதே காலத்தில், எதிர்க்கரையில் இருந்த ஒரு நஷ்டக் கணக்கையும் பார்க்க வேண்டும். நியூயார்க்கின் பேர் ஸ்டேர்ன்ஸ் வங்கி நடத்திய இரண்டு ஃபண்டுகள் பர்ரி எதிர்த்த அதே வகைப் பத்திரங்களில் கடன் வாங்கி முதலீடு செய்திருந்தன. 2007 ஏப்ரல் மாதத்துக்கு அவற்றில் ஒரு ஃபண்ட் முதலில் அறிவித்த நஷ்டம் சுமார் ஆறரை சதவீதம். சில வாரங்கள் கழித்து, பிற வங்கிகள் சொன்ன விலைகளையும் சேர்த்துத் திருத்தியபோது அதே மாதத்தின் நஷ்டம் ஏறத்தாழ 19 சதவீதம் ஆனது. மாதம் ஒன்றுதான், பத்திரங்களும் அவையேதான். மாறியது விலை சொன்ன ஆள். ஜூலையில் அந்த ஃபண்டில் மதிப்பு ஏதும் மிச்சமில்லை என்று முதலீட்டாளர்களுக்குக் கடிதம் போனது. மேலாளர்கள் இருவர்மீதும் மோசடி வழக்கு நடந்தது. 2009 நவம்பரில் ஜூரி அவர்களைக் குற்றமற்றவர்கள் என விடுவித்தது. ஆகவே பொய் சொன்னார்கள் என்று எழுத எனக்கு உரிமையில்லை. முதல் எண்ணை நம்பிப் பணத்தை எடுக்காமல் இருந்தவருக்கு அந்தத் தீர்ப்பால் பத்துப் பைசா திரும்பவில்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

சயான் பக்கம் 2007 முதல் காலாண்டிலேயே காற்று திரும்பிவிட்டது. 18 சதவீத லாபம். ஏப்ரலில் பெரிய சப்பிரைம் கடன் நிறுவனமான நியூ செஞ்சுரி திவால் மனு போட்டது. அதுவரை அசையாத விலைகள் ஓடத் தொடங்கின. 55 கோடி டாலருக்கும் குறைவான ஃபண்ட், அந்த ஆண்டில் 72 கோடி டாலருக்கு மேல் லாபம் எடுத்தது. 2000 நவம்பர் முதல் 2008 ஜூன் வரை கட்டணங்கள் போக மொத்த லாபம் 489 சதவீதம். அதே காலத்தில் சந்தை கொடுத்தது 2 சதவீதத்துக்குச் சற்று மேல். 2008-ல் பர்ரி அந்த ஃபண்டையே மூடிவிட்டார். ஆனால் இந்த முடிவை வைத்து 2006-ன் கடிதத்துக்கு மதிப்பெண் போடக்கூடாது. வட்டி ஏறியபோது அரசு தலையிட்டுக் கடன்காரர்களைத் தாங்கிப் பிடித்திருந்தால் அவர் தோற்றிருக்கவும் கூடும். அப்போதும் அது நேர்மையான கடிதமாகவே இருந்திருக்கும்.

நம் நாட்டில் பிஎம்எஸ் எனப்படும் சேவையில் குறைந்தது 50 லட்சமும், மாற்று முதலீட்டு ஃபண்டுகளில் பொதுவாகக் குறைந்தது 1 கோடியும் போட வேண்டும் என்பது செபியின் விதி. பிஎம்எஸ் நடத்துபவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வாடிக்கையாளருக்கு அறிக்கை தரவேண்டும். அதில் இருப்பவை பெரும்பாலும் சந்தையில் பட்டியலிட்ட பங்குகள்; விலையைப் பங்குச்சந்தையே சொல்லிவிடும். மாற்று முதலீட்டு ஃபண்டுகள் பட்டியலிடாத நிறுவனங்களின் பங்குகளையும் கடன் பத்திரங்களையும் வைத்திருப்பதால் அங்கேதான் பர்ரியின் சிக்கல் வரும். 2023 முதல் அவற்றின் முதலீடுகளைச் சார்பற்ற மதிப்பீட்டாளர் கணக்கிட வேண்டும் என்று செபி கட்டாயமாக்கியிருக்கிறது.

அடுத்த முறை நஷ்டக் கடிதம் வந்தால், எதிலும் கையெழுத்திடுவதற்கும் பணத்தைத் திரும்பக் கேட்பதற்கும் முன்னால் மேலாளரிடம் எழுத்தில் நான்கு விவரம் கேளுங்கள்: இந்த நஷ்டத்தில் விற்றும் செலவழித்தும் போனது எவ்வளவு, விலைக்குறைவால் மட்டும் எழுதியது எவ்வளவு, அந்த விலையைச் சொன்னது யார், நான் பணத்தை எடுக்க நினைத்தால் எந்தப் பகுதி உடனே வராது. மேலாளர் கைவசம் ஏற்கெனவே இருக்கும் கணக்குதான் இது. பதில் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனால், நஷ்டத்தைவிட அந்தத் தாமதத்தைப் பற்றிக் கவலைப்படுங்கள்.