பந்தே உருளாமல் போன 22.5 புள்ளி

2025 டிசம்பரில் மலேசியத் தேசியக் காற்பந்து அணி ஓர் ஆட்டம்கூட ஆடாமல் உலகத் தரவரிசையில் 116-ஆவது இடத்திலிருந்து 121-க்கு இறங்கியது. தகுதியற்ற ஆட்டக்காரர்களைக் களமிறக்கிய விவகாரத்தில், ஏற்கெனவே முடிந்துபோன மூன்று நட்புமுறை ஆட்டங்களின் முடிவை 0-3 தோல்வி என்று ஃபிஃபா மாற்றி எழுதியதுதான் காரணம். மே 29-இல் கேப் வெர்டியுடன் 1-1 சமநிலை, செப்டம்பர் 4-இல் சிங்கப்பூருக்கு எதிராக 2-1 வெற்றி, செப்டம்பர் 8-இல் பாலஸ்தீனத்துக்கு எதிராக 1-0 வெற்றி. மூன்றும் தோல்வியாயின. அணியின் கணக்கிலிருந்து ஏறக்குறைய 22.5 புள்ளி போனது.

ஏன் 22.5? இருபதோ முப்பதோ ஏன் இல்லை? இதைக் கண்டுபிடிக்க மூன்று எதிரணிகளுக்கும் எத்தனை புள்ளி இருந்தது என்றுகூடப் பார்க்க வேண்டியதில்லை. தரவரிசைக் கணக்கு எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் ஒரு தாளின் ஓரத்திலேயே போட்டுவிடலாம்.

2018 ஆகஸ்ட் பட்டியலிலிருந்து ஃபிஃபா பயன்படுத்திவரும் முறை இதுதான்:

```
P = Pbefore + I × (W − We)
We = 1 / (10^(−dr/600) + 1)
```

Pbefore என்பது ஆட்டத்துக்கு முன் அணியின் கையில் இருந்த புள்ளி. I என்பது அந்த ஆட்டத்தின் எடை. W என்பது நடந்தது: வென்றால் 1, சமநிலை என்றால் 0.5, தோற்றால் 0. We என்பது எதிர்பார்த்தது. இரு அணிகளின் புள்ளி வித்தியாசத்தை, அதாவது dr-ஐ, வைத்து அது வருகிறது. வித்தியாசம் எதுவும் இல்லையென்றால் எதிர்பார்ப்பு 0.5. எதிரணியைவிட 200 புள்ளி கூடுதலாக இருந்தால் ஏறக்குறைய 0.68. 600 கூடுதலாக இருந்தால் 0.91. எவ்வளவு மேலே இருந்தாலும் அது முழு 1-ஐத் தொடுவதில்லை. அதனால் எவ்வளவு எளிய எதிரியை வென்றாலும் துளியாவது புள்ளி ஏறும்.

மொத்தத்தில், ஜெயித்ததற்குப் பரிசு கொடுக்கும் முறை இல்லை இது. எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியைத்தான் அது அளக்கிறது.

2023 அக்டோபர் 13 அன்று புக்கிட் ஜாலில் அரங்கில் மெர்டேக்கா கிண்ண அரையிறுதியில் மலேசியா இந்தியாவை 4-2 என வென்றது நினைவிருக்கும். அன்று தரவரிசையில் இந்தியா 102, மலேசியா 134. பிரிக்ஃபீல்ட்ஸில் பாதிப் பேருக்கு எந்தப் பக்கம் கைதட்டுவது என்றே குழப்பமாக இருந்திருக்கும். புள்ளியில் இந்தியா நூற்றுக்குச் சற்று மேல் முன்னிலையில் இருந்ததால், மலேசியாவின் எதிர்பார்ப்பு 0.4-ஐ ஒட்டியது. ஃபிஃபா நாட்காட்டிக்குள் நடந்த நட்புமுறை ஆட்டத்துக்கு எடை 10. ஆக 10 × (1 − 0.4), ஆறு புள்ளி. மலேசியாவுக்கு ஆறு ஏற, இந்தியாவுக்கு அதே ஆறு இறங்கியது. நான்கு கோல் போட்டதற்குத் தனியாக எதுவும் கிடையாது. 1-0 என்று முடிந்திருந்தாலும் அதே ஆறுதான்.

கோல் எண்ணிக்கை கணக்கில் வராது என்பதை நம்ம ஊர் ரசிகர்கள் லேசில் நம்புவதில்லை. 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கிண்ணத்தைப் பாருங்கள். முதல் ஆட்டத்தில் ஜோர்டானிடம் 0-4, அடுத்ததில் பஹ்ரைனிடம் கடைசி நிமிடங்களில் வாங்கிய கோலால் 0-1. அப்போது அந்த இரண்டு அணிகளும் தரவரிசையில் அடுத்தடுத்து, 87-இலும் 86-இலும், இருந்தன. ஆகவே இரண்டு தோல்விகளுக்கும் ஏறக்குறைய ஒரே விலைதான். நான்கு கோல் வாங்கிய இரவில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் படுத்தவர்களுக்கு இது ஆறுதலா எரிச்சலா, தெரியவில்லை.

மூன்றாவது ஆட்டம் ஜனவரி 25-இல் தென் கொரியாவுடன். 130-ஆம் இடத்தில் இருந்த அணி 23-ஆம் இடத்து அணியை எதிர்கொண்டது. புள்ளி வித்தியாசம் சுமார் 450. மலேசியாவின் எதிர்பார்ப்பு 0.15 மட்டுமே. கண்டப் போட்டியின் குழுச் சுற்றுக்கு எடை 35. கூடுதல் நேரத்தில் 3-2 எனக் கொரியா முன்னிலையில் இருந்தபோது ஆட்டம் நின்றிருந்தால், 35 × (0 − 0.15), அதாவது ஐந்து புள்ளிக்குக் கொஞ்சம் மேல் இழந்திருப்போம். ஆனால் 105-ஆவது நிமிடத்தில் ரோமெல் மொராலெஸ் அடித்த கோலில் அது 3-3 ஆனது. 35 × (0.5 − 0.15), பன்னிரண்டு புள்ளி வரவு. கொரியாவுக்கு அதே பன்னிரண்டு செலவு. அதற்கு முன்பே மலேசியா போட்டியிலிருந்து வெளியேறிவிட்டது. குழு அட்டவணையில் அந்தக் கோல் மலேசியாவின் இடத்தை மாற்றவில்லை. தரவரிசைக் கணக்கில் மட்டும் அது தனியொரு கோலாக 17.5 புள்ளி பெற்றது.

இந்த 17.5 எங்கிருந்து வந்தது என்று கவனித்தால் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிடும். 35-இல் பாதி 17.5. தோல்விக்கும் சமநிலைக்கும் நடுவே உள்ள தூரம் எப்போதும் எடையில் பாதிதான், எதிரி கொரியாவாக இருந்தாலும் சரி, லாவோஸாக இருந்தாலும் சரி. வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவே உள்ள தூரம் முழு எடை. எதிர்பார்ப்பு செய்வதெல்லாம், அந்தத் தூரத்தில் எவ்வளவு மேலே ஏற வேண்டும், எவ்வளவு கீழே இறங்க வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பது மட்டும்தான். வலிமையான அணிக்கு ஏறுவதற்கு இடம் குறைவு, இறங்குவதற்கு அதிகம். பலவீனமான அணிக்கு அது தலைகீழ்.

இப்போது டிசம்பர் தீர்ப்புக்கு வருவோம். சிங்கப்பூர், பாலஸ்தீனம் ஆட்டங்கள் இரண்டும் செப்டம்பர் நாட்காட்டிக்குள் நடந்த நட்புமுறை ஆட்டங்கள். எடை 10. வெற்றி தோல்வியானதால் ஒவ்வொன்றுக்கும் முழுதாக 10 போனது. மூன்றாவது ஆட்டம் சமநிலையிலிருந்து தோல்வியானது, ஆகவே எடையில் பாதி. எடை 10 என்று வைத்தால் 5 போயிருக்க வேண்டும், மொத்தம் 25 ஆகியிருக்கும். இங்கேதான் தேதி வருகிறது. ஜூன் நாட்காட்டி திறந்தது ஜூன் 2-இல். கேப் வெர்டி ஆட்டம் நடந்ததோ மே 29. நாட்காட்டிக்கு வெளியே ஆடும் நட்புமுறை ஆட்டத்துக்கு எடை 5 மட்டுமே, அதில் பாதி 2.5. பத்தும் பத்தும் இரண்டரையும் சேர்ந்து 22.5. நான்கு நாள் தள்ளி ஆடியிருந்தால் தண்டனை இன்னும் இரண்டரைப் புள்ளி கூடியிருக்கும்.

அந்த 22.5-க்கு ஐந்து இடம் போனதற்குக் காரணம் பட்டியலின் நடுப்பகுதி நெரிசல். நூறாவது இடத்தைத் தாண்டினால் அடுத்தடுத்த அணிகள் சில புள்ளி இடைவெளியில் நிற்கின்றன. இடத்தை மட்டும் பார்ப்பவர்கள் ஒரு மாதம் ஏறியதாகவும் மறுமாதம் இறங்கியதாகவும் பதறுவார்கள். புள்ளியைப் பார்ப்பவருக்கு நடந்தது என்ன என்று தெரியும்.

இந்த யோசனை காற்பந்தில் பிறந்ததல்ல. ஹங்கேரியில் பிறந்து, அமெரிக்காவில் மில்வாக்கி நகரின் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த அர்பாட் ஈலோ சதுரங்கத்துக்காக உருவாக்கியது. அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960-இலும், உலக அமைப்பான ஃபிடே 1970-இலும் அதை ஏற்றன. கிள்ளானில் பிள்ளையைச் சதுரங்கப் போட்டிக்கு அழைத்துப் போகும் பெற்றோர் பேசும் ரேட்டிங் இதுவே. ஒரு முக்கியமான வேறுபாடு மட்டும் உண்டு. காற்பந்தில் எடை ஆட்டத்தைப் பொறுத்தது, சதுரங்கத்தில் ஆடுபவரைப் பொறுத்தது. பதினெட்டு வயதுக்குள், 2300-க்குக் கீழே உள்ளவருக்கு 40. 2400-ஐ எட்டாத மற்றவர்களுக்குப் பொதுவாக 20. எட்டிவிட்டவருக்கு 10.

1600 புள்ளி வைத்திருக்கும் பதினான்கு வயதுப் பிள்ளை, 1800 வைத்திருக்கும் பெரியவரை வீழ்த்துகிறது என்று வைத்துக்கொள்வோம். 200 வித்தியாசத்துக்குச் சதுரங்க அட்டவணைப்படி பிள்ளையின் எதிர்பார்ப்பு 0.24. பிள்ளைக்கு 40 × 0.76, முப்பது புள்ளிக்கு மேல் வரவு. பெரியவருக்கு 20 × 0.76, பதினைந்து செலவு. பிள்ளைகள் ஆறு மாதத்தில் ஆளே மாறிவிடுவார்கள், அவர்களின் புள்ளி அந்த வேகத்தைப் பிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த 40. அப்படியும் பிடிப்பதில்லை. வாரம் முழுக்கப் பயிற்சி செய்துவிட்டு, பதிவான போட்டிக்கு அபூர்வமாக வரும் பிள்ளையின் பழைய ரேட்டிங்கை நம்பி உட்காரும் பெரியவர்தான் முதலில் அடி வாங்குவார்.

காற்பந்துத் தரவரிசையிலும் இதே நோய் வேறு உருவில் இருக்கிறது. ஓர் அணியைப் பற்றிய செய்தி ஆட்டத்தின் வழியாகத்தான் உள்ளே வரும். அதிலும் எடை குறைந்த ஆட்டம் என்றால் செய்தி சொட்டுச் சொட்டாகத்தான் வரும். மலேசியர்களின் மனத்தில் மிகப் பெரியது ஆசியான் கிண்ணம். 2010 டிசம்பர் 26 அன்று, கே. ராஜகோபால் பயிற்சி கொடுத்த அணி புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3-0 என வென்று, பிறகு ஜக்கார்த்தாவில் 1-2 எனத் தோற்றும் கிண்ணத்தைத் தூக்கியது. இன்றைய விதியை அந்த இரவுக்குப் பொருத்தினால் எடை 5. டிசம்பர் கடைசி வாரம் ஃபிஃபா நாட்காட்டிக்கு வெளியே இருப்பதால் அது ஒரு சாதாரண நட்புமுறை ஆட்டம். சமபலமுள்ள எதிரி என்று வைத்தால் அந்த வெற்றிக்கு வரவு இரண்டரைப் புள்ளி.

இன்னொரு சிக்கலும் இதனோடு ஒட்டியது. தென்கிழக்காசிய அணிகள் பெரும்பாலும் தமக்குள்ளேயே ஆடினால், ஒருவர் இழப்பது மற்றவருக்குப் போகிறது, அவ்வளவுதான். அக்கம்பக்கத்து அணிகளுக்குள் யார் மேல், யார் கீழ் என்பது சரியாகவே அமையும். மொத்த வட்டாரமும் ஆப்பிரிக்காவோடு ஒப்பிட எங்கே நிற்கிறது என்பது வெளியாருடன் ஆடும் ஒருசில ஆட்டங்களை நம்பித்தான் இருக்கிறது. 3-3 என முடிந்த கொரியா ஆட்டத்தின் பன்னிரண்டு புள்ளி அந்த வகையில் வெளியிலிருந்து வந்த காசு. பிறகு மலேசியாவைத் தோற்கடித்த ஒவ்வோர் அண்டை அணிக்கும் அதில் கொஞ்சம் போய்ச் சேர்ந்திருக்கும்.