சளி பிடித்த குழந்தையின் மூச்சை எண்ணுங்கள்

மார்கழிப் பனி இறங்கும் நாட்களில் மயிலாப்பூர் வீடுகளில் சளியும் இருமலுமாகக் குழந்தைகள் படுப்பது வழக்கம்தான். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்தில் தானாகவே சரியாகிவிடும். சிலருக்கு மட்டும் நுரையீரலுக்குள் தொற்று இறங்கி நிமோனியாவாக மாறும். அதை வீட்டிலேயே முன்கூட்டிக் காட்டிக்கொடுப்பது காய்ச்சலின் அளவோ இருமலின் சத்தமோ அல்ல, குழந்தை ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மூச்சு விடுகிறது என்பதுதான்.

நிமோனியாவில் நுரையீரல் அழற்சியால் விறைத்துப்போகும். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் காற்று குறையும். அதை ஈடுகட்ட, குழந்தை வேக வேகமாக மூச்சு விடும். இந்த வேகத்தை நம்பலாமா என்று சோதித்த முக்கிய ஆய்வுகளில் ஒன்று நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நடந்தது. 1988இல் லான்செட் இதழில் வெளிவந்த அந்த ஆய்வு, ஒரு வயதுக்கு உட்பட்டோருக்கு நிமிடத்துக்கு 50ஐயும், அதற்கு மேற்பட்ட சிறு குழந்தைகளுக்கு 40ஐயும் தாண்டும் மூச்சு, கீழ்ச் சுவாசத் தொற்றுக்கு நல்ல அடையாளம் என்று காட்டியது. இப்போது உலக சுகாதார நிறுவனம் கூறும் எல்லைகள் இவை:

- 2 மாதம் நிறையாத குழந்தை: 60 அல்லது அதற்கு மேல்
- 2 மாதம் முதல் 1 வயது நிறையும்வரை: 50 அல்லது அதற்கு மேல்
- 1 வயது முதல் 5 வயது நிறையும்வரை: 40 அல்லது அதற்கு மேல்

எண்ணும் முறை

குழந்தை தூங்கும்போது, அல்லது மடியில் அமைதியாக இருக்கும்போது எண்ணுங்கள். அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணினால் கணக்கு தவறும். மூக்கு அடைத்திருந்தால் உப்புநீர்ச் சொட்டு விட்டுச் சுத்தம் செய்து, சற்றுப் பொறுங்கள். சட்டையைத் தூக்கி, வெளிச்சத்தில் வயிற்றையும் கீழ் நெஞ்சையும் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. கைபேசியில் ஒரு நிமிடம் வைத்து, முழு நிமிடமும் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்க வேண்டாம். கைக்குழந்தைகள் சில நொடி வேகமாக மூச்சு விட்டு, சில நொடி நிறுத்துவார்கள். அதனால் பாதிக் கணக்கு ஏமாற்றும். எல்லையை ஒட்டி வந்தால் மறுபடியும் எண்ணுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. பதினான்கு மாதக் குழந்தைக்கு மூன்றாம் நாள் இருமல், காய்ச்சல் 102 டிகிரி. எண்ணினால் 48. காய்ச்சலே மூச்சைக் கூட்டும் என்பதால், மருத்துவர் ஏற்கெனவே சொன்ன அளவில் பாராசிட்டமால் கொடுத்து, காய்ச்சல் தணிந்ததும் மறுபடி எண்ணுகிறார்கள்: 46. வயதுக்கான எல்லை 40. அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். 34ஆக இறங்கியிருந்தால் வீட்டில் கவனித்து, அவ்வப்போது எண்ணினால் போதும். அதே 46, பத்து மாதக் குழந்தைக்கு எல்லைக்குள் இருக்கிறது. அதனால் வயதை முதலில் பாருங்கள்.

எண்ணிக் காத்திருக்கக் கூடாத நேரம்

மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழுவது, ஒவ்வொரு மூச்சிலும் முனகுவது, உதடு நீலம் பாரிப்பது, பால் குடிக்க முடியாமை, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம் ஆகிய இவற்றில் எதைக் கண்டாலும் எண்ணிக்கையைப் பார்க்காமல் 108ஐ அழையுங்கள். 2 மாதம் நிறையாத குழந்தைக்கு, இரண்டு முறை எண்ணியும் 60ஐத் தொட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த வயதில் காய்ச்சல் இருந்தாலும், உடல் சில்லிட்டாலும் அப்படியே.

எண்ணிக்கைக்கு வரம்பும் உண்டு. இளைப்பு உள்ள குழந்தைக்கும் மூச்சு வேகமாகும். அதனால் வேகம் கூடியதெல்லாம் நிமோனியா அல்ல. எண்ணிக்கை சரியாக இருந்தும் குழந்தை சோர்ந்தே கிடந்தால், அதற்காகவும் காட்டியே தீர வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுப்பது ஆபத்து. மருந்து தேவையா, எந்த அளவு என்பது மருத்துவர் முடிவு செய்வது.

உங்கள் உரிமை

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும், எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையிலும் காட்டலாம். 108 ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் கிடையாது. உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவரைக் காப்பது அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி எல்லா மருத்துவர்களின் கடமை என்று 1989இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவசர சிகிச்சை மறுக்கப்பட்டால், முதலில் குழந்தையை அடுத்த மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பிறகு நேரம், இடம், சொன்ன காரணம் மூன்றையும் எழுதிப் புகார் கொடுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 எண் இருக்கிறது. நிமோகாக்கஸ் கிருமிக்கான தடுப்பூசியும் அரசு அட்டவணையில் உண்டு. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று தவணையும் இலவசம்.

மருத்துவரைப் பார்க்கும்போது “மூச்சு வாங்குது” என்று மட்டும் சொல்லாதீர்கள். எண்ணிய நேரம், கிடைத்த எண்ணிக்கை, அப்போதிருந்த காய்ச்சல், கடைசியாக மருந்து கொடுத்த நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.