ராஜியா, குற்றபேரமா?

வேலித் தகராறில் பக்கத்து வீட்டுக்காரரின் கை எலும்பு முறிந்தது. கொடுங்காய வழக்கு, ஏழாண்டு வரை சிறை. மகனுக்காக வந்த தாயிடம் வக்கீல் இரண்டு வழிகளைச் சொன்னார்.

"ராஜின்னா, அடிபட்டவர் சம்மதிக்கணும், கோர்ட்டும் அனுமதிக்கணும்மா. கிடைச்சா உங்க பையன் விடுதலை."

மற்றது குற்றபேரம். குற்றச்சாட்டு வனைந்த 30 நாளுக்குள் மனு போட வேண்டும். பையன் மனமுவந்துதான் கேட்கிறானா என்று நீதிபதி தனியே விசாரிப்பார். இழப்பீடு பேசி முடிந்தால், முதல் குற்றம் என்பதால் தண்டனை உச்ச அளவில் ஆறில் ஒரு பங்காக, அதாவது 14 மாதமாகக் குறையலாம்.

பணம் கொடுத்தாயிற்றே, இதுவும் விடுதலைதானே என்று குடும்பங்கள் நினைத்துவிடுவதுண்டு. இல்லை, இதில் பையன் குற்றவாளி என்றே தீர்ப்பாகும். வழக்கமான மேல்முறையீடும் கிடையாது.