சுவரில் கை எப்படிச் சரியாகப் படுகிறது?

வீடியோ கேமில் ஓடிவரும் வீரன் இடுப்பளவுச் சுவரைக் கண்டதும் ஒரு கையை அதன் விளிம்பில் ஊன்றி, காலை மடக்கி அந்தப் பக்கம் குதித்துவிடுகிறான். ஒரு நொடி வேலை. ஆடுபவர் அதைக் கவனிப்பதுகூட இல்லை. ஆனால் அந்தத் தாவல் அந்தச் சுவருக்காகச் செய்யப்பட்டதே அல்ல. ஏதோ ஒரு ஸ்டுடியோவில், உடம்பெல்லாம் அடையாளப் புள்ளிகள் ஒட்டிய உடையில், ஒரு நடிகர் ஒரு பெட்டியைத் தாண்டினார். அதைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நடிகர் தாண்டிய பெட்டியின் உயரம் 100 செ.மீ. அவர் 150 செ.மீ. முன்னேறிய பிறகு, 12ஆவது ஃபிரேமில், அவர் கை பெட்டியின் மேல் படுகிறது. நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் அது 0.4 நொடி. கேமில் இருக்கும் சுவரோ 120 செ.மீ. உயரம். ஆடுபவர் பொத்தானை அழுத்தியதும் கொஞ்சம் தள்ளி நின்றுதான். கை விளிம்பைத் தொட வேண்டுமானால் வீரன் 190 செ.மீ. முன்னேற வேண்டும். பதிவை அப்படியே ஓட்டினால் 40 செ.மீ. முன்னாலேயே, சுவரின் உச்சிக்கும் கீழே, கை வெறுங்காற்றை அழுத்தும். அதன் பிறகு உடம்பு சுவருக்குள் புகும், அல்லது சுவரில் முட்டி நிற்கும்.

நீளம் தாண்டும் வீராங்கனை பலகையை நெருங்கும்போது கடைசிச் சில எட்டுகளைக் கண்ணால் அளந்து கூட்டிக் குறைத்துக்கொள்வார். பதிவான அசைவுக்குக் கண் கிடையாது. அதற்குப் பதிலாக நிரல் அளந்து கூட்டிக் குறைப்பதுதான் மோஷன் வார்ப்பிங்.

பெயர் புதிதல்ல. ஆண்ட்ரூ விட்கின், சோரன் போபோவிச் இருவரும் 1995இல் சிக்ராஃப் மாநாட்டில் இதே பெயரில் ஒரு கட்டுரை தந்தார்கள். பதிவான அசைவின் ஓரிரு கணங்களில் மட்டும் உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்று சொன்னால், மற்ற இடமெல்லாம் அசைவின் நுணுக்கம் கெடாமல் தானே வளைந்துகொடுக்கும் என்பது அவர்கள் காட்டியது. இன்றைய கேம் எஞ்சின்களில் இந்தப் பெயரில் நடப்பது பெரும்பாலும் அதைவிடக் குறுகிய வேலை. கை, கால், முதுகு எதையும் தொடுவதில்லை. முழு உடம்பும் வெளியில் எவ்வளவு நகர்கிறது என்பதை மட்டும் மாற்றுகிறார்கள்.

அந்த நகர்வைத் தாங்குவது ரூட் என்ற ஒரு புள்ளி. வீரனின் காலடியில் இருப்பதாகக் கொள்ளலாம். எலும்புக்கூடு முழுவதும் அதில்தான் தொங்குகிறது. பதிவில் ஒவ்வொரு ஃபிரேமிலும் ரூட் எத்தனை செ.மீ. நகர்ந்தது என்ற கணக்கு இருக்கும்; இதற்கு ரூட் மோஷன் என்று பெயர். நம் கணக்கில் 12 ஃபிரேமுக்கு மொத்தம் 150. அதை 190 ஆக்க வேண்டும்.

ஒரேயடியாக 40 செ.மீ. முன்னால் தூக்கி வைத்துவிடலாம். வீரன் 'டபக்' என்று இடம் மாறுவது கண்ணில் குத்தும். ஃபிரேமுக்குச் சுமார் 3.3 செ.மீ. வீதம் சமமாகப் பங்கிட்டுக் கொடுக்கலாம். அப்போது வேறொரு குறை தலைகாட்டும். முதல் நான்கு ஃபிரேமில் வீரனின் பின்கால் தரையில் ஊன்றி உந்திக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் உடம்பைக் கூடுதலாக நகர்த்தினால் ஊன்றிய காலும் சேர்ந்து வழுக்கும், 13 செ.மீ. அளவுக்கு. முகத்தை யாரும் அவ்வளவு உற்றுப் பார்ப்பதில்லை. கால் வழுக்கினால் மட்டும் எப்படியோ எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஆகவே எங்கே நீட்டுவது என்பதுதான் முதல் முடிவு. அனிமேஷனின் காலக்கோட்டில் ஒரு சன்னலைக் குறிக்கிறார்கள். நம் தாவலில் அது 5ஆவது ஃபிரேமில், இரண்டு காலும் தரையை விட்டதும் தொடங்கி, 12ஆவதில் கை படும்போது முடிய வேண்டும். முதல் நான்கு ஃபிரேமில் பதிவுப்படியே 45 செ.மீ. போகட்டும். மீதி எட்டு ஃபிரேமில் பதிவு 105 போகிறது. நமக்கு 145 வேண்டும். விகிதம் 1.38. ஒவ்வொரு ஃபிரேமின் நகர்வையும் இதால் பெருக்கினால் போதும். வேகமாக நகர்ந்த ஃபிரேம் அதிகம் நீளும், மெதுவாக நகர்ந்தது கொஞ்சம் நீளும், நின்றது நின்றபடியே இருக்கும். அசைவின் தாளம் கெடாது.

இந்த விகிதத்தைத் தொடக்கத்தில் ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிடுவதில்லை என்பதில்தான் துல்லியம் இருக்கிறது. ஒவ்வொரு ஃபிரேமிலும் இரண்டு கேள்வி: பதிவில் இன்னும் எவ்வளவு தூரம் பாக்கி? உண்மையில் இன்னும் எவ்வளவு பாக்கி? வழியில் பதிவுப்படி 50, உண்மையில் 69 பாக்கி என்றால் விகிதம் அதே 1.38. எதிலோ உரசி வீரன் 5 செ.மீ. பின்தங்கிவிட்டால் பாக்கி 74. விகிதம் தானாக 1.48 ஆகிவிடும். கடைசி ஃபிரேமில் பதிவின் பாக்கியே அந்த ஒரு ஃபிரேமின் நகர்வுதான். அதை மிச்சத் தூரத்துக்குச் சமமாக்கிவிட்டால், வழியில் என்ன பிழை சேர்ந்திருந்தாலும் குறி தவறாது.

உயரத்தில் மட்டும் பெருக்கல் சில சமயம் காலை வாரும். விளிம்பை நோக்கி ஏறும்போது பதிவில் 50 செ.மீ. ஏற்றம், நமக்கு 70 வேண்டும், பெருக்கிவிடலாம். ஒரு பள்ளத்தைத் தாண்டும் தாவலை நினைத்துப் பாருங்கள். பதிவில் புறப்பட்ட தரையும் இறங்கிய தரையும் ஒரே மட்டம். ஏறி இறங்கிய பின் மொத்த உயர மாற்றம் பூஜ்யம். கேமிலோ அக்கரை 30 செ.மீ. தாழ்வு. பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே. அதனால் பாதையையே சரிக்கிறார்கள்: முன்னோக்கிப் பாதித் தூரம் போயிருந்தால் 15 செ.மீ. தாழ்வு, முழுதும் போனால் 30. வளைவின் வடிவம் அப்படியே இருக்க, முழு வளைவும் ஒரு பக்கம் சாய்கிறது. அன்ரியல் எஞ்சினில் `Skew Warp` என்ற பெயரில் இருப்பது இதுதான்.

சுவர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது தனி வேலை. வீரனின் நெஞ்சிலிருந்து முன்னால் ஒரு கோட்டை எறிந்து சுவரின் முகத்தைப் பிடிக்கிறார்கள். அதற்குச் சற்று உள்ளே, மேலிருந்து கீழே இன்னொரு கோடு. சுவரின் உச்சி கிடைக்கிறது. கிடைத்ததை ஒரு பெயரிட்டு எஞ்சினிடம் கொடுக்க வேண்டும்:

```cpp
MotionWarping->AddOrUpdateWarpTargetFromLocationAndRotation(
    FName("VaultEdge"), RootTarget, FacingRotation);
```

இங்கே `RootTarget` என்று இருப்பதைக் கவனிக்க வேண்டும், விளிம்பு அல்ல. குறிக்கு வந்து சேரப்போவது ரூட், கை அல்ல. பதிவில் கை படும் கணத்தில் ரூட் கைக்கு 35 செ.மீ. பின்னால், 50 செ.மீ. கீழே இருந்தது என்றால், விளிம்பிலிருந்து அவ்வளவையும் கழித்த இடம்தான் குறி. இதை மறந்தால் வீரன் விளிம்பின் மேல் காலடி வைத்து வந்து நிற்பான். யூனிட்டியின் `Animator.MatchTarget` இந்த விஷயத்தில் எளிது: வலது கையா, இடது காலா என்று உறுப்பையே சொல்லிவிடலாம். எதில் செய்தாலும் சுவர் சற்றுச் சாய்வாக இருந்தால் கடைசி மூன்று நான்கு செ.மீ. மிஞ்சும். தோளையும் முழங்கையையும் மடக்கிக் கையை மட்டும் நகர்த்தும் வேறொரு நுட்பம் அதைப் பார்த்துக்கொள்கிறது.

அன்ரியலில் இதை முதன்முதலாகச் செய்பவர் சந்திக்கும் சிக்கல்கள் அநேகமாக ஒரே மாதிரிதான். வீரன் முன்னால் சரியாகப் போகிறான், ஆனால் மேலே ஏறவே மாட்டேன் என்கிறான்: `Walking` நிலையில் எஞ்சின் ரூட்டின் உயர நகர்வைக் கண்டுகொள்வதில்லை, தாவல் முடியும்வரை `Flying` நிலைக்கு மாற்ற வேண்டும். தாவல் முடிந்ததும் வீரன் அந்தரத்தில் நிற்கிறான்: திரும்ப மாற்ற மறந்துவிட்டார்கள். தாவலின் நடுவில் குண்டடி பட்டால் மட்டும் அந்தரத்தில் நிற்கிறான்: அனிமேஷன் முழுதாக முடிந்தால் மட்டுமே திரும்ப மாற்றும்படி எழுதியிருக்கிறார்கள், தடைபடும் வழியை விட்டுவிட்டார்கள். எல்லாவற்றிலும் எரிச்சலூட்டுவது பெயர்ப்பிழை. நிரலில் `VaultEdge`, காலக்கோட்டில் `VaultEgde` என்று இருந்தால் ஆட்டம் நிற்காது. தாவல் நீளாமல் பதிவுப்படியே ஓடி, சுவருக்கு முன்னால் விழும். `a.MotionWarping.Debug 3` என்று கன்சோலில் தட்டி, `slomo 0.2` என்று ஆட்டத்தை மெதுவாக்கினால் திரையில் குறி வரையப்படுகிறதா என்று பார்த்தே சொல்லிவிடலாம்.

சுவர் அசையாது. எதிரி அசைவான். பாய்ந்து குத்தும் அடியில் கணக்கு அதேதான், நியாயம்தான் வேறு. பதிவில் முன்பாய்ச்சல் 80 செ.மீ.; முட்டி படும்போது இருவரின் நடுவுக்கும் இடையில் 90 செ.மீ. என்று வைப்போம். எதிரி 250 செ.மீ. தள்ளி நின்றால் குறி 160இல். இரண்டு மடங்கு நீட்சி. கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டால் ஏற்கலாம். எதிரி 75 செ.மீ. நெருக்கத்தில் இருந்தால் குறி நமக்குப் பின்னால் 15 செ.மீ. போய்விடும். உடம்பு முன்னால் சாய்ந்து குத்த, கால்கள் பின்னால் நழுவும். பார்க்கச் சிரிப்பு வரும். அந்த நெருக்கத்துக்கு அடியெடுத்து வைக்காத வேறொரு குத்து வேண்டும்.

எதிரி நகர நகரக் குறியையும் நகர்த்தலாம், ஒவ்வொரு ஃபிரேமிலும் மறுகணக்கு நடப்பதால் அது இலவசமாகவே கிடைக்கிறது. முட்டி படும் கணம் வரை நகர்த்தினால் எதிரி பக்கவாட்டில் உருண்டு தப்பிக்க வழியே இல்லை. குத்து ஏவுகணை மாதிரித் துரத்தும். அதனால் படுவதற்கு முன் பத்தில் ஒரு நொடி அளவுக்குக் குறியை உறையவிட்டுவிடுகிறார்கள். அந்த இடைவெளியில் நகர்ந்தவன் தப்பினான்.

400 செ.மீ. தள்ளி நிற்பவனைக் குத்த 310 போக வேண்டும், ஏறக்குறைய நான்கு மடங்கு. பனிமேல் சறுக்குவது போலத்தான் தெரியும். 2009இல் வந்த 'பேட்மேன்: ஆர்காம் அசைலம்' ஆட்டத்தில் பேட்மேன் அறையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்க ரவுடிமேல் பாய்வார். அங்கே அது பொருந்துகிறது, ஏனென்றால் ஆடுபவரைச் சூப்பர்ஹீரோவாக உணரவைப்பதுதான் நோக்கம். இருவர் மோதும் போட்டி ஆட்டத்தில் அதே பாய்ச்சலைத் தோற்றவர் மன்னிக்க மாட்டார். என்னைக் கேட்டால், அங்கே இரண்டு மடங்கோடு நிறுத்திவிட்டு, மீதியைத் தவறவிடுவதே சரி: வீரன் 160 செ.மீ. பாய்ந்து காற்றைக் குத்தட்டும். எதிரிக்குத் திருப்பி அடிக்க ஒரு வாய்ப்புக் கிடைக்கட்டும்.