நாய்க்குட்டியின் இதய முணுமுணுப்பு: கிரேடு எண்ணின் பொருள் என்ன?

தடுப்பூசிக்காகக் கொண்டுவரப்படும் 8 வாரக் குட்டியின் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து மருத்துவர் வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் கேட்டுக்கொண்டிருந்தாலே, எதிரே நிற்கும் சொந்தக்காரரின் முகம் வாடிவிடுகிறது. அதன்பின் ‘இதயத்தில் முணுமுணுப்பு கேட்கிறது, 6-ல் 2 கிரேடு’ என்று சொல்லப்படும்போது, அவர் மனத்தில் பதிவது அந்த எண் ஒன்றுதான். 6-ல் 2 என்றால் இதயத்தில் மூன்றில் ஒரு பங்கு கெட்டுவிட்டது என்று எண்ணித் தூக்கமிழந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். 6-ல் 5 என்று கேட்டும், குட்டி துள்ளி விளையாடுகிறதே என்ற தைரியத்தில் மறுபரிசோதனைக்கு வராமல் இருந்துவிட்டவர்களையும் கண்டிருக்கிறேன். இரு சாராரும் சப்தத்தின் அளவையே வியாதியின் அளவாகக் கொண்டுவிட்டார்கள். அந்த எண் எதை அளக்கிறது, எதை அளப்பதில்லை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சப்தம் எங்கிருந்து பிறக்கிறது?

ஆரோக்கியமான இதயத்தில் ‘லப்’, ‘டப்’ என்னும் இரண்டு ஒலிகளே கேட்கும். அவை வால்வுகள் மூடிக்கொள்ளும்போது உண்டாகின்றன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் ரத்தம் ஒரே சீராக ஓடுவதால் ஓசை எழுவதில்லை. அந்த ஓட்டம் எக்காரணத்தாலோ குலைந்து சுழலத் தொடங்கினால், அந்தச் சுழற்சியின் அதிர்வு மார்புச் சுவர் வரை வந்து ‘உஷ்’ என்று கேட்கிறது. அதையே முணுமுணுப்பு என்கிறோம்.

ஓட்டம் குலைவதற்குக் காரணங்கள் பல. வால்வு குறுகியிருக்கலாம், சரியாக மூடாமல் கசியலாம், பிறவியிலேயே இதயத்தின் நடுச்சுவரில் துவாரம் இருக்கலாம், அல்லது இதயம் முற்றிலும் நன்றாக இருந்தும், ரத்தம் நீர்த்துப்போய் வேகமாக ஓடுவதால் மட்டுமே ஓசை எழலாம். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் முக்கால்வாசி அடைத்தால் நீர் சீறிக்கொண்டு பாய்கிறது. விரலை எடுத்துவிட்டால் அதிக நீர் சப்தமின்றிக் கொட்டுகிறது. கிரேடு எண்ணின் எல்லை எது என்பதற்கு இந்த ஓர் உண்மையே அடிப்படை.

ஆறு படிகள்

1933-ஆம் ஆண்டில் ஃப்ரீமன், லெவின் என்னும் இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், மனிதர்களின் இதய முணுமுணுப்பை ஆறு படிகளாகப் பிரித்து எழுதினார்கள். கால்நடை மருத்துவமும் சிறு மாற்றங்களுடன் அதையே கைக்கொண்டது.

முதல் கிரேடு என்பது, நிசப்தமான அறையில் நெடுநேரம் உன்னிப்பாகக் கேட்டால் மட்டுமே புலப்படும் மெல்லிய ஓசை. இரண்டாவது கிரேடும் மெல்லியதே. ஆனால் உரிய இடத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் தெளிவாகக் கேட்கும். மூன்றாவது, வைத்தவுடனேயே காதில் விழும் நடுத்தர ஓசை. நான்காவது, மார்பின் பல இடங்களுக்கும் பரவும் உரத்த ஓசை. ஆயினும் கைக்கு அதிர்வு தெரியாது. ஐந்தாவது கிரேடில் மார்பின்மேல் உள்ளங்கையை வைத்தாலே அதிர்வு உணரப்படும். ஆறாவதில் அதிர்வோடு, ஸ்டெதாஸ்கோப்பைத் தோலைவிட்டுச் சிறிது விலக்கிப் பிடித்தாலும் சப்தம் கேட்கும்.

இவை அனைத்தும் காதும் கையும் அறிவன. ஒரு மருத்துவர் இரண்டு என்பதை மற்றொருவர் மூன்று என்று குறிக்கலாம்; அழுது திமிறும் குட்டியில் கேட்ட அளவும், அது அமைதியாய்ப் படுத்திருக்கையில் கேட்ட அளவும் வேறுபடலாம். ஆகையால், ஒருநாள் கேட்ட எண்ணைக் கொண்டு முடிவு செய்வதைவிட, அடுத்தடுத்த பரிசோதனைகளில் அது குறைகிறதா, நிலைத்திருக்கிறதா, கூடுகிறதா என்று பார்ப்பதே பயனுடையது.

தானே மறையும் முணுமுணுப்பு

வளரும் குட்டிகள் பலவற்றில், இதயத்தில் எவ்விதக் குறையும் இல்லாமலே ஒன்று அல்லது இரண்டாம் கிரேடு முணுமுணுப்பு கேட்பதுண்டு. அது இடப்பக்க மார்பின் மேற்பகுதியில், ‘லப்’புக்கும் ‘டப்’புக்கும் இடையில், சிறிது நேரமே ஒலித்து அடங்கும், குட்டி நிற்கும் நிலை மாறினாலோ, துடிப்பின் வேகம் மாறினாலோ ஓசையும் மாறும். தடுப்பூசிக்காக 8, 12, 16 வாரங்களில் வரும் குட்டியில் இது படிப்படியாகத் தேய்ந்து, பெரும்பாலும் நான்கைந்து மாதங்களுக்குள் மறைந்துவிடும்.

இத்தகைய மெல்லிய ஓசைக்கு மற்றொரு காரணத்தையும் நாம் மறக்கலாகாது. கொக்கிப்புழுவும் உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் ரத்தத்தை உறிஞ்சிவிட்ட குட்டியின் ஈறுகள் வெளுத்திருக்கும். நீர்த்த ரத்தத்தை இதயம் விரைவாகச் செலுத்துவதால் முணுமுணுப்பு எழும். அங்கே சிகிச்சை வேண்டியது ரத்தசோகைக்கே. புழு நீக்கி, ரத்தம் ஊறியபின் கேட்டால் அந்த ஓசை இருக்காது.

எண் ஏமாற்றும் இடங்கள்

இதயத்தின் கீழறைகளுக்கு இடையேயுள்ள சுவரில் சிறு துவாரம் இருந்தால், ரத்தம் அதன் வழியே சீறிப் பாய்ந்து, வலப்பக்க மார்பில் நான்காம் ஐந்தாம் கிரேடு ஓசையை எழுப்பும். ஆயினும் கசியும் ரத்தம் சொற்பமாதலால் அந்த நாய் தன் ஆயுளை இடையூறின்றிக் கழிக்கக்கூடும். துவாரம் பெரிதாயின், ஓசை மெலிந்திருக்க, அபாயமோ மிகுந்திருக்கும்.

இதற்கு நேர்மாறாக, கோல்டன் ரெட்ரீவர், ராட்வீலர், பாக்ஸர், நியூஃபவுண்ட்லேண்ட் ஆகிய இனங்களில் மகாதமனி வால்வுக்குக் கீழே ஏற்படும் பிறவிக் குறுக்கம், குட்டிப் பருவத்தில் மிக மெல்லிய ஓசையாகவே தொடங்கி, முதல் ஓராண்டில் வளர்ச்சியோடு கூடவே கடுமையாகலாம். எனவே இவ்வினக் குட்டிகளில் இரண்டாம் கிரேடு ஓசை நான்கு மாதத்துக்குப் பின்னும் நீடித்தால், அதை ‘சின்னதுதானே’ என்று தள்ளிவிடக் கூடாது.

ஒரு பொமரேனியன் குட்டி

நான் அடிக்கடி சந்திக்கும் ஒரு நிலைமையை உதாரணமாகச் சொல்கிறேன். 9 வாரப் பொமரேனியன் பெண் குட்டி. எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. ‘நல்லாத்தானே சாப்பிடுது, ஓடி விளையாடுது டாக்டர்?’ என்கிறார் வளர்ப்பவர். அவர் சொல்வது உண்மையே. ஆனால் இடது முன்காலின் அக்குளருகே ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால், ‘லப்’பிலும் ‘டப்’பிலும் நில்லாமல், கூடுவதும் குறைவதுமாய் இடைவிடாது ஒலிக்கும் ஓசை கேட்கிறது, உள்ளங்கையில் அதிர்வு தெரிகிறது, தொடையின் உட்புறத்து நாடி விரலை எற்றித் தள்ளுகிறது. கிரேடு ஐந்து என்பதைவிட, ஓசை இடைவிடாதது என்பதே இங்கே முக்கியமான லட்சணம்.

கருவிலிருக்கும்போது குட்டி சுவாசிப்பதில்லை. அதனால் நுரையீரலுக்குச் செல்லவேண்டிய ரத்தத்தை நேரே மகாதமனிக்குத் திருப்பிவிட ஒரு குறுக்கு நாளம் இருக்கிறது. பிறந்த சில தினங்களில் அது மூடிக்கொள்ள வேண்டும். இக்குட்டியில் அது மூடவில்லை. மகாதமனியின் ரத்தம் இரவும் பகலும் நுரையீரலுக்குள் கசிய, இதயத்தின் இடப்பக்கம் அளவுக்கு மீறிய பாரத்தைச் சுமந்து விரிகிறது. எக்ஸ்ரேயில் இதயம் பெருத்திருப்பது தெரிகிறது. டாப்ளர் வசதியுள்ள எக்கோ பரிசோதனை அந்த நாளத்தையே காட்டிவிடுகிறது. சிகிச்சையின்றி விட்டால், இத்தகைய குட்டிகளில் பெரும்பாலானவை இதயம் செயலிழந்து, வாழவேண்டிய வயதிலேயே மடிகின்றன.

பெரிய குட்டியாயின் தொடைத் தமனி வழியாகச் சிறு அடைப்பானைச் செலுத்தி நாளத்தை மூடலாம். இத்தனை சிறிய உடலில் அந்தத் தமனி போதிய அகலமிராது. ஆகையால் இடப்பக்க விலா எலும்புகளின் இடையே மார்பைத் திறந்து, நாளத்தைப் பட்டு நூலால் கட்டவேண்டும். அறுவை செய்வோர் அனுபவமுள்ளவராயின், கட்டிய அக்கணமே ஓசை நின்றுவிடும். குட்டி மற்ற நாய்களைப் போலவே வாழக்கூடும்.

இங்கே மற்றொரு விஷயமும் உண்டு. நாளம் மிகப் பெரிதாயிருந்து, நுரையீரலின் ரத்த அழுத்தம் ஏறிவிட்டால், ரத்தம் எதிர்த்திசையில் ஓடத் தொடங்குகிறது; அப்போது முணுமுணுப்பு மெலிந்து மறைந்தே போகலாம். ஈறு சிவந்திருக்க, பிறப்புறுப்பின் சவ்வு நீலம் பாரித்திருக்கும், பின்னங்கால்கள் தளரும். அந்நிலையில் நாளத்தைக் கட்டுவது உயிருக்கே கேடாகும். ஐந்தாம் கிரேடு பூஜ்யமாகிவிட்டதென்று மகிழ வேண்டிய இடமல்ல அது.

எப்போது கவலைப்பட வேண்டும்?

நான்காம் கிரேடும் அதற்கு மேலும் எந்த வயதிலும் எக்கோ பரிசோதனைக்கு உரியவை. இடைவிடாது ஒலிப்பதும், ‘டப்’புக்குப் பின் ஒலிப்பதும், வலப்பக்கத்தில் பலமாகக் கேட்பதும், கிரேடு எதுவாயினும் அவ்வாறே. மெல்லிய ஓசையாயினும், ஒவ்வொரு பரிசோதனையிலும் கூடிக்கொண்டே போனாலும், நான்கைந்து மாதங்களுக்குப் பின்னும் மறையாவிட்டாலும் பரிசோதித்துத் தெளிவதே நல்லது.

ஓசையின் எண்ணைப் பாராமல், அன்றே மருத்துவமனைக்கு ஓடவேண்டிய அடையாளங்களும் உள்ளன: விளையாட்டின் நடுவே மயங்கி விழுதல், நாக்கோ ஈறோ நீலம் பாரித்தல், படுக்க முடியாமல் கழுத்தை நீட்டி மூச்சுக்குத் திணறுதல், வயிறு நீர்கோத்துப் பெருத்தல். கூடப்பிறந்த குட்டிகளைவிட மெலிந்தும் குள்ளமாயும் இருப்பதும், நாலடி ஓடியதும் உட்கார்ந்துவிடுவதும் அவசரமானவை அல்லவாயினும் அலட்சியம் செய்யத்தக்கவை அல்ல.

வீட்டில் செய்யக்கூடிய பரீட்சை ஒன்றுண்டு. குட்டி அயர்ந்து தூங்கும்போது மார்பு எழுந்து தாழ்வதை ஒரு மூச்சாகக் கொண்டு, 30 விநாடிக்கு எண்ணி இரட்டியுங்கள். கனவில் கால்கள் துடிக்கும்போதும், வெயிலில் இளைக்கும்போதும் எண்ண வேண்டாம். நிமிஷத்துக்கு 30-க்குள் இருப்பது நலம். சிறு குட்டிகளில் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். ஆனால் முன் நாட்களைவிட எண்ணிக்கை படிப்படியாக ஏறிக்கொண்டே போனால், மற்ற அறிகுறிகளுக்குக் காத்திராமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டியவை

முதல் இரண்டு கிரேடு ஓசையுள்ள, மற்றபடி சுகமான குட்டிக்குத் தடுப்பூசியையோ விளையாட்டையோ பொதுவாக நிறுத்த வேண்டியதில்லை. உரத்த ஓசையுள்ள குட்டிக்கோ, எக்கோ முடியும் வரை கடும் ஓட்டத்தையும், கருத்தடை போன்று மயக்கமருந்து தேவைப்படும் அறுவைகளையும் தள்ளிவைப்பது விவேகம். பிறவிக் குறை உறுதியான நாயை இனவிருத்திக்குப் பயன்படுத்தலாகாது. இக்குறைகளில் பல பரம்பரையாக இறங்குபவை.

ஒவ்வொரு பரிசோதனையின் முடிவிலும் தடுப்பூசி அட்டையில் நான்கு விவரங்களை எழுதித் தருமாறு கேளுங்கள்: கிரேடு எது, மார்பின் எப்பக்கத்தில் பலமாகக் கேட்டது, துடிப்பின் எக்கட்டத்தில் ஒலித்தது, குட்டியின் எடை என்ன. அடுத்த மருத்துவர் வேறு ஊரில் இருந்தாலும், இந்த நான்கையும் தாம் கேட்பதோடு ஒப்பிட்டு, குட்டியின் இதயம் எத்திசையில் போகிறது என்பதை நிதானிக்க இயலும். தேதியும் இடமுமின்றி எழுதப்பட்ட எண் அவருக்கு அவ்வளவு உதவாது.