சிங்க இலச்சினையும் வாங்குபவர் பார்வையும்

பொல்பிட்டிய தொடங்கி அட்டன், நுவரெலியா வரையான மலையகத்துத் தேயிலை, 1972இல் நாட்டின் பெயர் மாறிய பின்னரும் ‘சிலோன் தேயிலை’ என்றே விற்கப்படுகின்றது. பொதியிலுள்ள சிங்க இலச்சினையின் உரிமையாளர் இலங்கைத் தேயிலைச் சபை. முழுவதும் இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதியிடப்பட்டது என்பதே சபை அதற்கு வழங்கும் பொருள். வெளிநாட்டில் வாங்குபவரோ அதில் ஒரு சிங்கத்தை மாத்திரம் காணக்கூடும். சிலோன் என்பது இலங்கையே என்பதையும் அறியாதிருக்கலாம்.

இவ்விடைவெளியைக் கண்டறிய, “இது தரமானதா?” என வினவிப் பயனில்லை, மரியாதைக்கேனும் ஆம் என்பர். பொதியைக் காட்டி, “இச்சிங்கம் உங்களுக்கு எதை உணர்த்துகின்றது?” என்று மட்டும் கேட்டு, பதிலை அவர்களது சொற்களிலேயே பதிந்து, சபை கூறும் பொருளுடன் ஒப்பிட வேண்டும். வழமையான வாடிக்கையாளரை மாத்திரம் கேட்டால் இடைவெளி சிறிதாகவே தோன்றும். அதே கடையில் வேறு பொதியை எடுத்துச் செல்பவரையும் விசாரிக்க வேண்டும்.